பழைய மேனேஜரிடம் ரெஃபரன்ஸ் கேட்டு எழுதும் ஈமெயில்

கேள்வி: அக்கா, வணக்கம். கல்யாணமாகித் தென்காசியிலிருந்து டர்பனுக்கு வந்தவள் நான். 2018 முதல் 2022 வரை இங்கே ஒரு கிளியரிங் கம்பெனியில் இறக்குமதி டாக்குமெண்ட் பிரிவில் வேலை பார்த்தேன். இப்போது வேறு இடத்தில் இருக்கிறேன். இன்னும் நல்ல வேலை தேடுகிறேன். மூன்று இண்டர்வியூ வந்திருக்கிறது. முதலாவது அடுத்த வியாழன், கடைசி டிசம்பர் முதல் வாரம். எல்லோரும் பழைய மேனேஜர் ஒருவரை ரெஃபரன்ஸாகக் கேட்கிறார்கள். என் மேனேஜர் அந்தக் கம்பெனியை விட்டுப் போய்விட்டார். நான் விலகியதிலிருந்து அவரிடம் பேசியதே இல்லை. கோயிலில் பார்த்தால் "வணக்கம் அங்கிள்" என்பேன், அவ்வளவுதான். அவசரத்தில் ஒரு சி.வி.யில் அவர் பெயரையும் பழைய ஆபீஸ் நம்பரையும் போட்டு அனுப்பியும்விட்டேன். இப்போதைய ஆபீசுக்கு எதுவும் தெரியக்கூடாது. மரியாதையாக அவருக்கு எப்படி எழுதுவது?

— வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: தங்கைக்கு, இன்றைக்கே எழுதுங்கள். ஆனால் ஈமெயிலை எங்கே அனுப்புவது என்று முதலில் தெரிய வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டு வம்பை விலைக்கு வாங்குகிறார்கள்.

அவருடைய பழைய ஆபீஸ் முகவரிக்கு அனுப்பாதீர்கள். ஒருவர் விலகிய பிறகு அவருக்கு வரும் மெயில்களை அந்த இடத்துக்கு வந்தவரோ ஹெச்.ஆரோ பார்ப்பது பல கம்பெனிகளில் வழக்கம். நீங்கள் வேலை தேடும் சங்கதி அங்கே போய் விழும். அவருடைய புது ஆபீஸ் முகவரியும் வேண்டாம். டர்பனில் கிளியரிங் தொழில் செய்கிறவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். கப்பல் கம்பெனி, லாரிக்காரர், கிடங்கு என்று எல்லா வழியிலும் பேச்சு ஓடும். இப்போதைய ஆபீசுக்குத் தெரியக்கூடாது என்கிற உங்களுக்கு அவருடைய சொந்த ஈமெயில்தான் பத்திரம். அதை அவரிடமே கேட்டு வாங்குங்கள். செல் நம்பர் உங்களிடம் இருந்தால் வாட்ஸ்அப்பில் இரண்டே வரி போதும்: "வணக்கம் சார், 2022 வரை உங்களிடம் இறக்குமதி டாக்குமெண்ட் பார்த்த இன்னார். ஒரு விஷயமாக உங்களுக்குச் சிறிய மெயில் அனுப்ப வேண்டும், உங்கள் சொந்த ஈமெயில் முகவரி தர முடியுமா?" விஷயம் என்ன என்பதை வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள். அங்கே கேட்டால் அவரும் அங்கேயே "சரிம்மா" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். அந்த ஒரு வார்த்தை உங்களுக்குப் போதாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நம்பர் இல்லையென்றால் லிங்க்ட்இன்னில் அவரைத் தேடி இதே இரண்டு வரியை அனுப்பலாம். அதுவும் இல்லையென்றால் கோயிலில் பார்க்கும்போது முகவரியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ரெஃபரன்ஸைக் கோயிலில் கேட்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பக்கத்தில் நாலு பேர் நிற்க, கையில் அர்ச்சனைத் தட்டோடு இருக்கும் மனிதரால் முடியாது என்று சொல்ல இயலாது. அப்படி வாங்கிய சம்மதம் போன் வரும்போது சுரத்தில்லாமல் ஒலிக்கும்.

ஆளெடுப்பு வேலையில் இருப்பவள் நான். ரெஃபரன்ஸ் போன்களைப் போட்டுப் பேசுவதும் நான்தான். அந்தப் போனில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் ஈமெயிலில் எது இருக்க வேண்டும் என்பது தானாக விளங்கிவிடும்.

போனை எடுத்ததும் கேட்பது உறவு முறை. இவர் உங்களுக்குக் கீழே நேரடியாக வேலை பார்த்தாரா, எந்தக் காலத்தில், என்ன பதவியில் என்று கேட்போம். அவர் சொல்வது சி.வி.யோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம். இரண்டு மாதம் முன்பின் இருந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. ஒரு வருடம் விலகினால் பேனாவை எடுத்துக் குறிப்போம். அடுத்து வேலை: என்ன செய்தார், எதில் கெட்டிக்காரர், எதில் இன்னும் தேற வேண்டும், நெருக்கடியில் எப்படி இருந்தார். பிறகு ஏன் விலகினார். கடைசியில் ஒரு கேள்வி, எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமானது: மறுபடி வாய்ப்பு வந்தால் இவரை வேலைக்கு எடுப்பீர்களா? இதற்கு "கட்டாயம்" என்று உடனே வரும் பதிலுக்கும், இரண்டு நொடி யோசித்துவிட்டு வரும் "எடுக்கலாம்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் போனில் நன்றாகவே கேட்கும். நல்ல ஊழியரைப் பற்றிப் பேசும்போதும் அந்த இரண்டு நொடி வருவதுண்டு. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: நினைவில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு தன்கீழ் இருந்த பலரில் ஒருவரைப் பற்றித் திடீரென்று கேட்டால் யாருமே தடுமாறுவார்கள். உங்கள் ஈமெயிலின் வேலை அந்தத் தடுமாற்றத்தை முன்கூட்டியே தீர்த்துவைப்பது. மரியாதை என்பதும் இங்கே பெரும்பாலும் அதுதான்: அவர் யோசித்துக் கஷ்டப்பட வேண்டியதை நீங்கள் எடுத்துக் கொடுத்துவிடுவது.

கீழே ஒரு மாதிரி. நீங்கள் ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள். வரிசையும் அளவும் இப்படியே இருக்கட்டும். உங்கள் வேலை விவரங்கள் எனக்குத் தெரியாததால், அந்தப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் செய்வதை வைத்து நானாக எழுதியிருக்கிறேன். உண்மையில் நீங்கள் செய்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள்.

> தலைப்பு: ரெஃபரன்ஸ் வேண்டுகோள் – (உங்கள் பெயர்), இறக்குமதி டாக்குமெண்ட் பிரிவு, 2018–2022
>
> மதிப்புக்குரிய சார்,
>
> வணக்கம். உங்களிடம் 2018 மார்ச் முதல் 2022 ஆகஸ்ட் வரை இறக்குமதி டாக்குமெண்ட் பிரிவில் வேலை பார்த்த (பெயர்) எழுதுகிறேன். நீங்களும் வீட்டில் எல்லோரும் நலம்தானே? விலகிய பிறகு தொடர்பில் இல்லாமல் இருந்துவிட்டேன், மன்னிக்க வேண்டும்.
>
> இப்போது டர்பனில் மூன்று கம்பெனிகளில் இறக்குமதி கன்ட்ரோலர் வேலைக்கு இண்டர்வியூவுக்குப் போகிறேன். முதலாவது வரும் வியாழக்கிழமை. என் நேரடி மேனேஜராக இருந்த ஒருவரிடம் அவர்கள் பேச விரும்புகிறார்கள். என் வேலையை அன்றாடம் பார்த்தவர் நீங்கள். என்னைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல முடியும் என்று உங்களுக்குத் தோன்றினால், எனக்கு ரெஃபரன்ஸாக இருக்க முடியுமா? ஒவ்வொரு கம்பெனிக்கும் போனில் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகலாம். நேரம் இல்லையென்றாலும், வேறு ஒருவர் இதற்குப் பொருத்தம் என்று நினைத்தாலும் தயங்காமல் சொல்லுங்கள். நான் வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன்.
>
> உங்கள் நினைவுக்காகச் சில விவரங்கள். எஸ்.ஏ.டி. 500 தயாரிப்பதும், கப்பல் கம்பெனிகளிடம் டெலிவரி ஆர்டர் வாங்குவதும் என் பொறுப்பு. 2021 ஜூலையில் துறைமுகக் கணினிகள் முடங்கியபோது, தேங்கி நின்ற நம் கண்டெய்னர்களின் பட்டியலைக் கையால் தயாரித்துத் தினமும் காலையில் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பினேன். புதிதாக வந்த இரண்டு பேருக்கு வேலை கற்றுக்கொடுத்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் வேலை கிடைத்ததால் விலகினேன்.
>
> ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். உங்களைக் கேட்பதற்கு முன்பே ஒரு கம்பெனிக்கு அனுப்பிய சி.வி.யில் உங்கள் பெயரைப் போட்டுவிட்டேன். அது தவறு. உங்கள் பதிலைப் பார்த்து உடனே திருத்தி அனுப்புகிறேன்.
>
> சம்மதம் என்றால் உங்களை எந்த நம்பரில், எந்த நேரத்தில் அழைக்கலாம் என்றும், டிசம்பரில் எந்த நாட்களில் லீவில் இருப்பீர்கள் என்றும் ஒரு வரி எழுதுங்கள். திங்கட்கிழமைக்குள் தெரிந்தால் உதவியாக இருக்கும். என் இப்போதைய ஆபீசுக்கு இது தெரியாது, உங்களோடு இருக்கட்டும்.
>
> நன்றியுடன்,
> (பெயர், செல் நம்பர்)

இதில் எதையும் நீட்டாதீர்கள். சி.வி.யை மட்டும் இணைத்துவிடுங்கள்.

"சார்" என்று எழுதியிருக்கிறேன். ஆபீசில் நீங்கள் அவரை எப்படி அழைத்தீர்களோ அதையே போடுங்கள். இங்கே பல ஆபீசுகளில் மேனேஜரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அப்படியென்றால் பெயரையே எழுதலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. "அங்கிள்" மட்டும் வேண்டாம். கோயிலில் அது சரி. ஆனால் உங்களுக்கு எப்படிப் பழக்கம் என்று போனில் நான் கேட்கும்போது, "நம்ம கோயிலுக்கு வர்ற பிள்ளை" என்று அவர் ஆரம்பித்தால் மேனேஜர் சொல்லும் சான்றாக அதை நான் எடுத்துக்கொள்வதில்லை. குடும்ப நண்பரின் சிபாரிசு என்ற கணக்கில் வைத்துவிடுவேன். ஈமெயிலின் முதல் வரியிலேயே பிரிவையும் வருடத்தையும் போட்டால் அவர் மனதில் நீங்கள் அந்தப் பிரிவின் ஊழியராக வந்து நிற்பீர்கள்.

தேதிகளை ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். வேலையை விட்டபோது பணிச்சான்று ஒன்று கொடுத்திருப்பார்கள். 1997-ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டம், 42-ஆம் பிரிவின்படி அது உங்கள் உரிமை. சேர்ந்த தேதி, விலகிய தேதி, விலகும்போது இருந்த பதவி அல்லது வேலை, வாங்கிய சம்பளம் எல்லாம் அதில் இருக்கும். விலகிய காரணம் நீங்கள் கேட்டால்தான் எழுதுவார்கள். உங்களிடம் இல்லையென்றால் பழைய கம்பெனியின் ஹெச்.ஆரிடம் கேளுங்கள். இதைக் கேட்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சி.வி., ஈமெயில் இரண்டிலும் அந்தச் சான்றில் உள்ள தேதியும் பதவியும்தான் இருக்க வேண்டும். சான்றையே மேனேஜருக்கு அனுப்பத் தேவையில்லை.

இந்தச் சான்று கையில் இருப்பதில் இன்னொரு நன்மை உண்டு. உங்கள் மேனேஜர் இப்போது அந்தக் கம்பெனியின் ஆள் இல்லை. அதன் சார்பில் அவரால் எதையும் உறுதி செய்ய முடியாது. தான் கண்ணால் பார்த்த வேலையைப் பற்றித்தான் சொல்ல முடியும். காலத்துக்கும் பதவிக்கும் காகிதம் சாட்சி, வேலையின் தரத்துக்கு அவர் சாட்சி. இண்டர்வியூவிலும் இதை இப்படியே சொல்லிவிடுங்கள்: "அவர் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறார், என் பணிக்காலத்தை ஹெச்.ஆர். உறுதி செய்யும், என் வேலையை அவர் சொல்வார்." இப்படித் தெளிவாகச் சொல்கிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை வரும்.

"நல்லபடியாகச் சொல்ல முடியும் என்று உங்களுக்குத் தோன்றினால்" என்ற வரியை ஆங்கிலத்தில் எழுதும்போது விட்டுவிடாதீர்கள். அதைத் தொடர்ந்து வரும் "வேறு ஒருவர் பொருத்தம் என்று நினைத்தால்" என்பதையும்தான். இரண்டும் சேர்ந்து அவர் மனம் நோகாமல் விலகிக்கொள்ள வழி விடுகின்றன. நம்மவர்களுக்கு முகத்துக்கு நேரே மறுப்பது வராது. வழி விடாமல் கேட்டால் அரைமனதாகச் சரி என்பார்கள், போனில் அந்த அரைமனம் வெளியே வரும். ரெஃபரன்ஸே இல்லாத விண்ணப்பத்தை விட அரைமனது ரெஃபரன்ஸ் உள்ள விண்ணப்பம் மோசம். இல்லாதவரிடம் இன்னொரு பெயர் கேட்போம். "ம்ம், பரவாயில்லை, வேலை செய்வாங்க" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அடுத்த விண்ணப்பத்தைத் திறந்துவிடுவோம்.

நினைவூட்டும் பத்தியில் புகழ்ச்சி எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கடின உழைப்பாளி, பொறுப்பானவர் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் அவர் அதை அப்படியே ஒப்பிப்பார். ஒப்பித்தல் என்பது கேட்பவருக்குத் தெரிந்துவிடும். நடந்ததை மட்டும் எழுதினால் முடிவை அவரே சொல்வார். நான் துறைமுகச் சம்பவத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், டர்பனில் அந்த வேலையில் இருந்த யாருக்கும் அது மறக்காது. அந்த ஜூலை முதலில் கலவரம், கடையடைப்பு, சாலை மறியல் என்று போனது. அது ஓய்ந்த சில நாட்களிலேயே 22-ஆம் தேதி டிரான்ஸ்நெட் கணினிகள் மீது தாக்குதல் நடந்து, கண்டெய்னர் முனையங்கள் காகிதத்துக்குத் திரும்பின. அந்த நாட்களில் யார் ஆபீசில் நின்றார்கள், யார் போனை எடுத்தார்கள் என்பது மேனேஜர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். நீங்கள் அப்போது விடுப்பில் இருந்திருந்தால் இதை எழுதக் கூடாது, வேறொன்றை எடுங்கள். தவறான எச்.எஸ். கோடு ஒன்றை நீங்கள் கண்டுபிடித்துத் திருத்தியது, ஒரு வாடிக்கையாளருக்கு டெமரேஜ் விழாமல் தடுத்தது என்று ஏதாவது ஒன்று இருக்கும். அவரும் உடன் இருந்த சம்பவமாக ஒன்று போதும்.

விலகிய காரணத்தை ஒரே வரியில் எழுதியிருக்கிறேன். நீங்கள் என்னிடம் சொல்லாத பகுதி அதுதான், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன். இண்டர்வியூவில் நீங்கள் சொல்லப்போகும் காரணமும் அவர் போனில் சொல்லும் காரணமும் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்காக இல்லாததைச் சொல்லும்படி அவரைக் கேட்கக் கூடாது. சம்பளம் போதாமல் விலகினீர்கள் என்றால் "கூடுதல் சம்பளத்தில் வேலை கிடைத்தது" என்று எழுதலாம், அது யாருக்கும் குற்றமாகப் படாது. ஏதாவது மனக்கசப்போடு விலகியிருந்தால், உதாரணத்துக்கு அவர் உங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருந்தால், இந்த ஈமெயிலுக்கு முன்பு அவரிடம் ஒரு தடவை பேசிவிடுங்கள். "அதைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வீர்கள் சார்?" என்று நேராகவே கேட்கலாம். பதில் பிடிக்கவில்லையென்றால் வேறு ஆளைத் தேட இப்போது நேரம் இருக்கிறது. வியாழக்கிழமைக்குப் பிறகு இருக்காது.

சி.வி.யில் முன்பே பெயர் போட்டதை ஒப்புக்கொள்ளும் பத்தி உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். ஆனாலும் அது அங்கே இருக்கட்டும். நீங்கள் சொல்வதற்குள் அந்தக் கம்பெனி யார் மூலமாவது அவரைப் பிடித்துக் கேட்டால் உங்கள் கோரிக்கையின் மரியாதை அங்கேயே போய்விடும். அதோடு, இன்னொருவரின் பெயரும் நம்பரும் அவருடைய தகவல். அவரைக் கேட்காமல் கொடுப்பது எந்தக் காலத்திலும் சரியில்லை. போப்பியா எனப்படும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை நிறுவனங்கள் 2021 ஜூலை 1 முதல் கடைப்பிடித்தாக வேண்டும் என்று ஆனபிறகு, ஆளெடுப்பவர்களும் இதில் கவனமாகிவிட்டோம். அந்தப் பழைய ஆபீஸ் நம்பர் வேறு சிக்கல் தரும். அங்கே போன் செய்தால் ரிசப்ஷனில் "அப்படி யாரும் இங்கே இல்லை" என்பார்கள், சிலர் அத்தோடு உங்கள் விண்ணப்பத்தை ஓரம் வைத்துவிடுவார்கள். அவர் சம்மதம் கிடைத்த அன்றே திருத்திய சி.வி.யை அனுப்பி, "ரெஃபரன்ஸ் விவரம் மாறியிருக்கிறது, இதை எடுத்துக்கொள்ளவும்" என்று மட்டும் எழுதுங்கள். அவர் பெயருக்குக் கீழே, அப்போது இன்ன கம்பெனியில் இறக்குமதி மேனேஜர், என் நேரடி மேலதிகாரி என்று குறிப்பிட்டு அவர் கொடுத்த செல் நம்பரைப் போடுங்கள்.

இனி அவருடைய பதில். "சந்தோஷம்மா, தாராளமாகக் கொடு" என்று நம்பரும் நேரமும் எழுதி வந்தால் வேலை முடிந்தது. "சரி" என்று மட்டும் வந்தால் அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதீர்கள். நன்றி சொல்லி, "கேட்டால் என் வேலையில் எதைச் சொல்வீர்கள் என்று தெரிந்தால் இண்டர்வியூவுக்கு எனக்கு உதவும் சார்" என்று ஒரு வரி எழுதுங்கள். இரண்டு மூன்று வாக்கியம் மனமுவந்து எழுதினால் நம்பலாம். மறுபடி மழுப்பினால் அதை மறுப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். "ஹெச்.ஆரைக் கேட்கச் சொல்" என்றால் இரண்டு அர்த்தம் உண்டு. பல கம்பெனிகள் தங்கள் மேனேஜர்களை ரெஃபரன்ஸ் சொல்ல விடுவதில்லை. ஏதாவது சொல்லி வழக்கில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று தேதியும் பதவியும் மட்டும் ஹெச்.ஆர். சொல்லும். அந்த வழக்கத்தை அவர் புது இடத்திலும் கடைப்பிடிக்கலாம், அல்லது பேச விருப்பமில்லாமல் நாகரிகமாகச் சொல்லலாம். எதுவானாலும் வற்புறுத்தாதீர்கள்.

பதிலே வராவிட்டால் திங்கள் மாலை வரை பொறுங்கள். அதன்பின் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு தடவை, "மெயில் வந்து சேர்ந்ததா சார்? சில சமயம் ஸ்பாமில் போய்விடுகிறது" என்று கேட்கலாம். மூன்றாவது தடவை கேட்பது நச்சரிப்பு. செவ்வாய்க்கிழமை காலையில் அடுத்த ஆளிடம் போய்விடுங்கள். அதே பிரிவில் உங்கள் வேலையைச் சரிபார்த்த சீனியர் கன்ட்ரோலர் இருந்திருப்பார். உங்களோடு தினமும் பேசிய இறக்குமதியாளர் கம்பெனியின் ஆளும் நல்ல சாட்சிதான். வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து ஒருவர் பேசினால் நான் காது கொடுத்துக் கேட்பேன். கூட வேலை பார்த்த தோழிகளை மட்டும் கொடுக்காதீர்கள்.

சம்மதம் வந்த பிறகு இங்கே பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவில் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் யாரும் எடுப்பதில்லை. இன்ஷூரன்ஸ், கடன், மோசடி என்று நாளுக்கு இத்தனை அழைப்பு வந்தால் எடுக்காமல் விடுவதுதான் புத்திசாலித்தனம். நான் இரண்டு நாளில் இரண்டு மூன்று தடவை முயல்வேன், பிறகு உங்களிடம் வேறு பெயர் கேட்பேன். அதனால் ரெஃபரன்ஸ் போன் எப்போது வரும் என்று இண்டர்வியூவின் முடிவில் கேளுங்கள். தெரிந்ததும் அவருக்கு எழுதுங்கள்: இன்ன கம்பெனி, இன்ன வேலை, அநேகமாகச் செவ்வாய் அல்லது புதன், முடிந்தால் அழைப்பவர் பெயர். வேலைக்கான விளம்பரத்தையும் சேர்த்து அனுப்பினால் எதை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும். சிலர் போனுக்குப் பதிலாக ஆன்லைன் படிவம் அனுப்புவார்கள், அதுவும் ஸ்பாமில் விழக்கூடும் என்று சொல்லிவையுங்கள்.

மூன்று கம்பெனியும் ஒரே வாரத்தில் அவரை அழைத்தால் மூன்றாவதற்குள் அலுத்துவிடுவார். எனவே அவர் நம்பர் இன்னும் போகாத இடங்களுக்கு இப்போதே அதைக் கொடுக்காதீர்கள். கேட்டால், "உங்கள் பட்டியலில் கடைசிச் சுற்றுக்கு வந்தால் தருகிறேன், அவர் சம்மதித்திருக்கிறார்" என்று சொல்லலாம். பெரும்பாலான இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள். வேலை தர ஏறக்குறைய முடிவு செய்த பிறகுதான் நாங்களும் போனை எடுக்கிறோம்.

இப்போதைய ஆபீஸ் விஷயத்தில் உங்கள் கையெழுத்தைக் கவனியுங்கள். ரெஃபரன்ஸ் பார்க்கும் முன் உங்களிடம் ஒரு சம்மதப் படிவம் வாங்குவார்கள். யாரையெல்லாம் தொடர்புகொள்ளலாம் என்று அதில் இருக்கும். சில படிவங்களில் "முன்னாள் மற்றும் இந்நாள் முதலாளிகள்" என்று மொத்தமாக அச்சிட்டிருப்பார்கள். அந்த "இந்நாள்" என்பதை அடித்து, "வேலை உறுதியான பிறகு மட்டும்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். ஆன்லைன் படிவமாக இருந்தால் அதே வாசகத்தை ஈமெயிலில் அனுப்பிவிட்டுப் பிறகு அழுத்துங்கள்.

மூன்றாவது இண்டர்வியூ டிசம்பர் முதல் வாரம் என்கிறீர்கள். 16-ஆம் தேதி விடுமுறையை ஒட்டிப் பல ஆபீசுகள் மூடி ஜனவரியில்தான் திறக்கின்றன. முடிவெடுக்க ஒரு வாரம் ஆனால் ரெஃபரன்ஸ் போன் சரியாக அந்த மூடுகிற நாட்களில் வந்து நிற்கும். அவர் லீவு நாட்களை ஈமெயிலிலேயே கேட்கச் சொன்னது இதற்காகத்தான். அவர் ஊரில் இருக்க மாட்டார் என்றால் அதை அந்தக் கம்பெனிக்கு இண்டர்வியூ அன்றே சொல்லி, மூடுவதற்கு முன்பு பேசிவிடும்படி கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் அவரிடம் கேள்விகளை ஈமெயிலில் அனுப்பலாமா என்று கேளுங்கள். லீவில் போன் எடுக்காதவர்கள்கூட அரை மணி நேரம் ஒதுக்கி எழுதிவிடுவார்கள்.